பழைய பட்டறை இயந்திரம் ஏலத்துக்குப் போகும்முன்: ரிசர்வ் விலையை முடிவு செய்யும் முறை

"இந்த விலைக்குக் கீழே கேட்டால் கொடுக்க மாட்டேன்" என்று ஏலம் நடத்துபவரிடம் நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் தொகைதான் ரிசர்வ் விலை. முதல்முறை ஏலத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு விதத்தில் தவறுகிறார்கள். சிலர் ஆசைப்படும் விலையை ரிசர்வாக எழுதுகிறார்கள். இயந்திரம் விற்காமல் பட்டறையிலேயே நிற்கிறது. சிலர் "ஏலம்தானே, தானாக ஏறும்" என்று ரிசர்வே வைக்காமல் விடுகிறார்கள். அன்றைக்கு ஒருவர் மட்டும் கேட்க வந்திருந்தால், அவர் சொன்ன விலைக்கே இயந்திரம் போய்விடுகிறது.

இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ள, இரு முனைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் நீளம் பிடிக்கும் பழைய லேத். தொகைகளை நாணயப் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பணத்தை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. ரிசர்வ் எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணக்கில் இறங்கும்முன் இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. விலை ஏறிக்கொண்டே போகும் ஏலத்தில் கடைசி விலையை முடிவு செய்வது வென்றவர் அல்ல, அவரிடம் தோற்றவர். ஒருவர் 300 வரை போகத் தயாராக வந்திருந்தாலும், அவருக்கு அடுத்தவர் 220-ல் நின்றுவிட்டால் இயந்திரம் 220-ஐ ஒட்டித்தான் முடியும்.

ஆகவே மூன்று நிலைகள்தான் உண்டு. ரிசர்வுக்கு மேல் போகத் தயாராக இருவரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களின் போட்டியே விலையை ஏற்றிவிடும். ரிசர்வுக்கு அங்கே வேலை இல்லை. ஒருவரும் இல்லையென்றால் இயந்திரம் விற்காது. ஒரே ஒருவர் இருக்கும்போது மட்டும்தான் ரிசர்வ் உங்களுக்குப் பணம் சம்பாதித்துத் தருகிறது: இரண்டாமவர் இல்லாத இடத்தில் நின்று விலையைத் தூக்கிக் கொடுக்கிறது.

ஒரே ஒருவர் கேட்கும் நாள் எவ்வளவு அடிக்கடி வரும், விற்காமல் போனால் எவ்வளவு வலிக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடுவதுதான் இனி வரும் படிகள். வாங்கிய விலை, கணக்குப் புத்தகத்தில் நிற்கும் மதிப்பு, புதிதாக வாங்கினால் ஆகும் செலவு ஆகிய மூன்றும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. அவற்றை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள்.

2. தொடங்கும்முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஏல நிறுவனத்தின் கட்டண விவரம், எழுத்தில். விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன், வாங்குபவரிடம் கூடுதலாக வாங்கும் கட்டணம், விற்காமல் போனால் கட்ட வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். ரிசர்வை ஏலம் தொடங்கிய பிறகு குறைக்க முடியுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இடத்தைக் காலி செய்ய வேண்டிய தேதி. அது நெருங்க நெருங்க உங்கள் பேரம் பேசும் பலம் தேய்கிறது. தேதி தெரியாமல் ரிசர்வ் முடிவு செய்ய முடியாது.

மூன்றாவது இயந்திரத்தின் உண்மை நிலை. பெயர்த் தகட்டின் படம், மாடல், மோட்டாரின் திறன், மும்முனை மின்சாரமா என்பது, கூடவே வரும் துணைப் பொருள்களின் பட்டியல் எல்லாம் வேண்டும். லேத்தாக இருந்தால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். சக் அருகே கேரேஜின் இடைவெளியை இறுக்கமாகச் சரிசெய்துவிட்டு, டெயில்ஸ்டாக் பக்கமாக நகர்த்திப் பாருங்கள். அங்கே போய் இறுகிப் பிடித்தால், சக் அருகே பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான வேலை அந்த இடத்தில்தான் நடக்கும் என்பதால் தேய்மானமும் அங்கேதான் விழும். விவரம் தெரிந்து வாங்க வருபவர் முதலில் செய்வதும் இதே சோதனைதான். உங்களுக்குத் தெரியாத குறையை அவர் கண்டுபிடித்தால் உங்கள் விலைக்கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

3. விற்காமல் போனால் கையில் மிஞ்சுவது என்ன?

எல்லாக் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். புதியவர்கள் நேரே சந்தை விலைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் கண்ணில் பட்ட பெரிய எண் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது இறங்க மறுக்கிறது.

ஏலத்தில் விற்கவில்லை என்று வைத்துக்கொண்டு உங்களுக்கு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நம் லேத்துக்கு மூன்று வழிகள் இருந்தன.

எடைக்குப் போடுவது முதல் வழி. 1,500 கிலோ வார்ப்பிரும்புக்கு 75 கிடைக்கும். ஏற்றிக் கொண்டுபோக 25 ஆகும். மிஞ்சுவது 50.

பழைய இயந்திர வியாபாரியிடம் கொடுப்பது இரண்டாவது வழி. ஏலத்துக்கு முன் அவர் சொன்ன விலை 180, தூக்கிச் செல்வது அவர் பொறுப்பு. ஆனால் ஏலத்தில் விற்காத இயந்திரத்துக்கு அவர் அதே விலையைத் தர மாட்டார். அவரும் ஏலத்தைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். அதனால் 160 என்று வைத்தோம்.

நாமே விளம்பரம் கொடுத்து நேரடியாக விற்பது மூன்றாவது வழி. நல்ல ஆள் வந்தால் 300 கிடைக்கலாம். ஆனால் நான்கு மாதம் ஆகலாம். இடத்துக்கு மாதம் 15 வீதம் 60, வருகிறவர்களுக்கு இயக்கிக் காட்டும் நேரத்துக்கு 20. மிஞ்சுவது 220. அதுவும் பத்தில் ஆறு முறைதான் நடக்கும் என்பது என் கணிப்பு. மீதி நான்கு முறை, நான்கு மாதச் செலவையும் சுமந்துகொண்டு அதே வியாபாரியிடம்தான் போய் நிற்க வேண்டும்: 160-ல் 80 போக 80. பத்து முறைக்குச் சராசரி பார்த்தால் 164. வியாபாரியின் 160-ஐவிட நான்குதான் அதிகம். அதற்காக நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே காலி செய்யும் தேதி ஆறு வாரத்தில் இருந்ததால் இந்த வழி எப்படியும் அடைபட்டதுதான்.

எஞ்சியது வியாபாரியின் 160. அதிலிருந்து, விற்காத பொருளுக்கு ஏல நிறுவனம் பிடிக்கும் 10-ஐக் கழித்தால் 150. ஏலம் தோற்றால் கையில் மிஞ்சுவது இதுதான்.

இந்த இடத்தில் நேர்மை தேவை. "யாராவது வராமலா போவார்கள்" என்பது ஒரு வழி அல்ல. வாயால் சொன்ன ஆளும் விலையும் இல்லாத எதையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

4. அந்தத் தொகையை ஏல விலையாக மாற்றுங்கள்

கையில் மிஞ்சும் 150-ம் ஏலத்தில் அறிவிக்கப்படும் 150-ம் ஒன்றல்ல. ஏல விலையிலிருந்து கமிஷன் போகும். இயந்திரத்தை வண்டியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்தச் செலவும் போகும். எனவே பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

```
அடிமட்ட ஏல விலை = (விற்காவிட்டால் மிஞ்சுவது + விற்றால் ஆகும் செலவு) ÷ (1 − கமிஷன் விகிதம்)
                 = (150 + 12) ÷ (1 − 0.10)
                 = 180
```

இங்கே கமிஷன் 10 சதவீதம், ஏற்றித் தரும் செலவு 12. ஏலத்தில் 180 கிடைத்தாலும், விற்காமல் வியாபாரியிடம் போனாலும் உங்களுக்கு ஒன்றுதான். 180-க்குக் கீழே ரிசர்வ் வைத்தால் நட்டத்துக்குச் சம்மதிக்கிறீர்கள். இதை அடிமட்டம் என்று அழைப்போம். இந்த எண்ணை ஏலம் நடத்துபவர் உட்பட யாரிடமும் சொல்லாதீர்கள்.

கமிஷனை 150-உடன் 10 சதவீதம் கூட்டி 165 என்று போடுவது வழக்கமான தவறு. கமிஷன் ஏல விலையில் கணக்கிடப்படுகிறது, உங்கள் கைக்கு வருவதில் அல்ல. அதனால்தான் வகுக்க வேண்டும். ஏற்றும் செலவும் விட்டுப்போனால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

5. இதுபோன்றவை உண்மையில் என்ன விலைக்குப் போயின?

இப்போது சந்தைக்கு வரலாம். விளம்பரங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். அது விற்பவரின் ஆசை. நடந்து முடிந்த ஏலங்களில் விழுந்த விலையைத் தேடுங்கள். அதே வகை, நெருங்கிய அளவு, ஒத்த வயது என்று நான்கைந்து முடிவுகள் கிடைத்தால் போதும்.

அந்த விலைகளில் வாங்குபவர் கட்டிய கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். சில ஏல நிறுவனங்கள் கட்டணத்தோடு சேர்த்து வெளியிடும், சில தனியாகக் காட்டும். நம் பட்டியலில் ஒன்று 276 என்று இருந்தது. அதில் 15 சதவீதக் கட்டணம் அடக்கம், 1.15-ஆல் வகுத்தால் 240. இப்படிச் சமப்படுத்திய பிறகு கிடைத்தவை 210, 240, 255, 260, 330.

விற்காமல் போனவற்றையும் பதிவு செய்யுங்கள். பலர் இவற்றைத் தவிர்க்கிறார்கள், ஆனால் ரிசர்வ் எங்கே தட்டுகிறது என்று சொல்பவை இவைதான். நம் தேடலில் ஒரு லேத் 350 தொடக்க விலையோடு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் ஒருவரும் கேட்காமல் முடிந்திருந்தது.

விளம்பரத்தில் 300 என்று இருக்கும் இயந்திரம் ஏலத்தில் ஏன் 225 சுற்றி முடிகிறது என்பது புதியவர்களுக்குப் புரிவதில்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். வாங்குபவரின் இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு எல்லாம் சேர்த்து 300-க்கு மேல் போகக் கூடாது. கழற்றி, தூக்கி, கொண்டுபோய் நிறுத்த 40 ஆகும். மீதி 260-க்குள் 15 சதவீதக் கட்டணமும் அடங்க வேண்டும். 260-ஐ 1.15-ஆல் வகுத்தால் 226. அவர் ஏலத்தில் சொல்லக்கூடிய உச்சம் அதுதான். கனமான இயந்திரம், மாடியில் அல்லது குறுகிய வாசலுக்குள் நிற்கிறது என்றால் இந்தக் கழிவு இன்னும் கூடும்.

6. உங்கள் இயந்திரத்துக்கு ஏற்பத் திருத்துங்கள்

பட்டியலில் இருந்த 330-ஐ நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் கூட நான்கு தாடை சக், ஸ்டெடி ரெஸ்ட், டிஜிட்டல் அளவுகாட்டி எல்லாம் போயிருந்தன. நம்மிடம் மூன்று தாடை சக் மட்டும்தான். ஒரே ஓர் உயர்ந்த முடிவு இருந்தால் அதன் படங்களை உருப்பெருக்கிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் படத்திலேயே இருக்கும்.

மீதமிருந்தது 210 முதல் 260 வரை. நம் லேத்தில் ஒரு வேகத்தில் கியர் சத்தம் இருந்தது. அதற்கும் சக் குறைவுக்குமாகச் சேர்த்து 10 குறைத்தோம். மதிப்பீடு 200 முதல் 250. இந்த வீச்சை ஒற்றை எண்ணாகச் சுருக்காதீர்கள். அடுத்த படிக்கு அதன் இரண்டு முனைகளும் தேவை.

பழுதைச் சரிசெய்துவிட்டு விற்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எண்ணெய் மாற்றுவது, துடைத்துச் சுத்தம் செய்வது, மின்சாரம் கொடுத்து ஓடவிட்டு வீடியோ எடுப்பது ஆகிய மூன்றையும் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் செலவு திரும்பி வருவது அரிது. குறிப்பாகப் புதிய பெயின்ட் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர் நினைப்பார்.

7. பத்து ஏலங்களை மனத்தில் நடத்திப் பாருங்கள்

அடிமட்டம் 180. மதிப்பீடு 200–250. ரிசர்வ் இவற்றுக்கு இடையே எங்கே? இங்கே ஊகிக்காமல் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே லேத் பத்து வெவ்வேறு நாளில் ஏலத்துக்கு வந்ததாக நினைத்து, ஒவ்வொரு நாளும் அதிகம் தரத் தயாராக இருந்தவரின் உச்சத்தையும் அவருக்கு அடுத்தவரின் உச்சத்தையும் எழுதுங்கள். நல்ல நாள், சாதாரண நாள், ஆளில்லாத நாள் எல்லாம் கலந்திருக்க வேண்டும். நான் எழுதிய இணைகள் இவை: 310–270, 285–250, 270–240, 260–215, 250–230, 245–190, 230–205, 225–160, 200–170, 170–140.

ஒவ்வொரு ரிசர்வுக்கும் விலையைப் பாருங்கள். முதலாமவரின் உச்சம் ரிசர்வை எட்டவில்லை என்றால் விற்காது; அதற்கு 180 என்று எழுதுங்கள், ஏனெனில் விற்காமல் போவதன் மதிப்பு 180 ஏல விலைக்குச் சமம். எட்டினால், இரண்டாமவரின் உச்சம், ரிசர்வ் ஆகிய இரண்டில் எது பெரிதோ அதுதான் விலை. எட்டாவது நாளை எடுத்துக்கொண்டால், ரிசர்வ் இல்லாதபோது 160-க்குப் போகும்; 205 என்று வைத்திருந்தால் 205-க்குப் போகும்.

| ரிசர்வ் | பத்தில் விற்பவை | சராசரி |
|---|---|---|
| இல்லை | 10 | 207 |
| 180 | 9 | 214 |
| 205 | 8 | 218 |
| 225 | 8 | 225 |
| 260 | 4 | 213 |
| 300 | 1 | 192 |

கடைசி வரியைப் பாருங்கள். 300 என்று ரிசர்வ் வைப்பது, ரிசர்வே வைக்காமல் விடுவதைவிட மோசம். "எதற்கும் கொஞ்சம் உயர்த்தி வைப்போம், பிறகு இறங்கிக்கொள்ளலாம்" என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த வரியைத்தான்.

அப்படியானால் 225-ஐ எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கே என் கணிப்பு தவறியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு சோதனை செய்தேன். எல்லா உச்சங்களையும் 25 குறைத்து மறுபடி போட்டேன். 205-க்கும் 225-க்கும் சராசரி ஒன்றாகவே வந்தது: 204.5. ஆனால் 205 வைத்தால் பத்தில் ஏழு விற்கிறது, 225 வைத்தால் ஐந்துதான். கணிப்பு சரியாக இருந்தால் 225-ஆல் கூடுதலாகக் கிடைப்பது 7. தவறாக இருந்தால் ஒரு காசும் கூடாமல், காலி செய்யும் தேதி நெருங்கும் வேளையில் இயந்திரம் கையில் நிற்கும் வாய்ப்பு மட்டும் கூடுகிறது.

நான் 205 என்று எழுதினேன். மதிப்பீட்டின் கீழ்முனையை ஒட்டியது அது. காலி செய்ய அவசரமே இல்லை, அடுத்த ஏலம்வரை இயந்திரம் சும்மா நின்றால் செலவும் இல்லை என்றால் 220 வரை போயிருப்பேன். மதிப்பீட்டின் நடுவைத் தாண்டி வைத்ததில்லை.

இந்தப் பத்து இணைகளும் என் ஊகம்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் "300 கிடைக்கும்" என்று சொல்பவரும் ஊகிக்கத்தான் செய்கிறார், ஒரே ஓர் எண்ணை வைத்து. பத்து நாளை எழுதச் சொன்னால் ஆளில்லாத நாள்களையும் அவர் எழுதியாக வேண்டும். அங்கேதான் மனம் தெளிகிறது.

ஒரு விதிவிலக்கு. பட்டறை முழுவதையும் காலி செய்யும்போது எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வைக்காதீர்கள். வைஸ், துளையிடும் கருவிகள், அளவுக் கருவிகள், சிறிய கிரைண்டர் போன்றவற்றின் அடிமட்டம் ஏறத்தாழப் பூச்சியம். அவற்றை ரிசர்வ் இல்லாமல் விடுங்கள். அவற்றுக்காக வரும் கூட்டம்தான் லேத்தையும் ஒரு பார்வை பார்க்கும். ஏலக் கோட்பாட்டில் புலோவும் கிளெம்பெரரும் 1996-ல் நிறுவிய முடிவு ஒன்று இதற்குப் பொருந்தும்: சில நிபந்தனைகளின் கீழ், மிகச் சரியான ரிசர்வைக் கண்டுபிடிப்பதைவிட, ரிசர்வே இல்லாமல் கூடுதலாக ஓர் ஆளைப் போட்டிக்கு இழுத்து வருவது அதிகப் பணம் தரும். பட்டறையில் நிற்கும் நமக்கு இதன் பொருள், ரிசர்வை 10 ஏற்றலாமா என்று ஒரு வாரம் யோசிப்பதைவிட அந்த வாரத்தில் இயந்திரம் ஓடும் வீடியோவை எடுத்துப் போடுவது மேல்.

8. மறைத்து வைப்பதா, அறிவிப்பதா?

எல்லாப் பட்டறையிலும் பயன்படும் லேத், மில்லிங், துளையிடும் இயந்திரம் போன்றவற்றுக்கு ரிசர்வை மறைத்து, தொடக்க விலையைத் தாழ்வாக வைப்பதே நல்லது. நம் லேத்துக்கு 80-ல் தொடங்கினோம். தாழ்ந்த விலையைப் பார்த்து வருபவர்களில் சிலர் கேட்டுக் கேட்டுச் சூடேறுவார்கள். தொடக்கமே 205 என்றிருந்தால் முதல் ஆள் தயங்குவார். அவர் தயங்கினால் இரண்டாமவர் "ஒருவரும் கேட்காத பொருளில் என்ன குறையோ" என்று ஒதுங்குவார்.

சிலருக்கு மட்டுமே பயன்படும் இயந்திரத்துக்கு இது தலைகீழ். பல்சக்கரம் வெட்டும் ஹாபிங் இயந்திரம் வாங்க நினைப்பவர் தொலைவிலிருந்து நேரில் வந்து பார்க்க வேண்டியிருக்கும். பயணச் செலவு செய்து வந்து, கடைசியில் ரிசர்வை எட்டவில்லை என்று தெரிந்தால் அடுத்த முறை வர மாட்டார். அவருக்கு விலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், தொடக்க விலையே ரிசர்வாக இருக்கட்டும்.

மறைத்து வைத்தாலும், ரிசர்வ் இருக்கிறது என்ற உண்மையை மறைக்காதீர்கள். "ரிசர்வ் இல்லை" என்று எழுதிவிட்டு விற்க மறுப்பது ஏமாற்று வேலை.

9. ஏலத்துக்கு முந்தைய நாளும் ஏல நேரமும்

பார்வையிடும் நாளில் எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள் என்று எண்ணுங்கள். பக்கத்தைப் பார்த்தவர்கள், விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்கள் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அதில் வேடிக்கை பார்ப்பவர்களும், நீங்கள் எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று பார்க்கும் மற்ற விற்பவர்களும் கலந்திருப்பார்கள். அளவுக் கருவியோடு வந்து பெட்டைத் தடவிப் பார்த்தவர் ஒருவர், நூறு பார்வைகளுக்குச் சமம்.

ஒருவர்கூட வரவில்லையென்றால் ரிசர்வைக் குறைப்பதற்கு முன் விளம்பரத்தைச் சரிபாருங்கள். பெயர்த் தகட்டின் படம் விடுபட்டிருக்கும், அல்லது எடையும் ஏற்றும் வசதியும் எழுதப்படாமல் இருக்கும். அவை சரியாக இருந்தும் ஆளில்லை என்றால், ரிசர்வை அடிமட்டத்தை நோக்கி இறக்கலாம்.

ஏலம் ஓடும்போது ரிசர்வை உயர்த்தாதீர்கள். கேட்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். உறவினரைவிட்டு உங்கள் பொருளுக்கு விலை ஏற்றச் சொல்வது அதைவிட மோசம். பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. குறைந்தபட்ச விலை வேண்டும் என்பதற்காகத்தானே ரிசர்வ் இருக்கிறது.

10. ரிசர்வை எட்டாமல் முடிந்தால்

இதற்கான பதிலை ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். ஏலம் முடிந்த சூட்டில் ஒன்று பிடிவாதம் வரும், அல்லது பயம் வரும். இரண்டும் கணக்குப் போட உதவாது.

நம் லேத் 195-ல் நின்றது. ரிசர்வ் 205, அடிமட்டம் 180. கடைசியாகக் கேட்டவரை அன்றைக்கே ஏல நிறுவனத்தின் மூலம் அழைத்தோம். இரண்டு நாள் கழித்து அழைத்தால் அவர் வேறு இயந்திரத்தைப் பார்த்திருப்பார். "205 கொடுத்தால் உங்களுடையது" என்றோம். அவர் 200 என்றார். ஏற்றும் தேதியை நமக்கு வசதியான நாளில் வைத்துக்கொள்ள அவர் சம்மதித்ததால் 200-க்கு முடித்தோம். அதில் கமிஷன் 20, ஏற்றிய செலவு 12 போக 168 கைக்கு வந்தது. வியாபாரியிடம் போயிருந்தால் 150.

அவர் 175-ல் பிடிவாதமாக நின்றிருந்தால் விட்டிருப்போம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று 180-க்குக் கீழே இறங்குவது, மூன்றாவது படியில் போட்ட கணக்கைக் கிழித்துப் போடுவதுதான். ஆனால் 180-க்கும் 205-க்கும் இடையே யாராவது சொன்னால், ரிசர்வை எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பதும் தவறு. ரிசர்வ் ஏலத்துக்கான எண். பேச்சுக்கு உட்கார்ந்த பிறகு அடிமட்டம்தான் எண்.

11. இரண்டாவது முறை ஏலத்துக்கு விடுவதானால்

அதே படங்களோடு, அதே விலையோடு, அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவராதீர்கள். இந்த வகை இயந்திரங்களைத் தேடுபவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்கள் முந்தைய முறையை நினைவில் வைத்திருப்பார்கள். ஒருமுறை ஒரு தளமட்டக் கிரைண்டரை மாதா மாதம் ஏலத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறையும் உச்ச விலை முந்தையதைவிடத் தாழ்ந்தது, நான்காவது முறை கேட்டவர் "இன்னும் போகவில்லையா?" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

முதலில் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். காலி செய்யும் தேதி நெருங்கியிருக்கும், வியாபாரி இன்னும் இறங்கியிருப்பார். ஆகவே அடிமட்டமே மாறியிருக்கும். நம் லேத் விற்காமல் போய், வியாபாரியின் விலை 140-க்கு இறங்கியிருந்தால் மிஞ்சுவது 130. புதிய அடிமட்டம் 142-ஐ 0.9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 158. முதல் ஏலத்தில் நின்ற விலை இப்போது உங்களிடம் இருக்கும் மிக நல்ல சந்தைத் தகவல். பத்து இணைகளையும் அதற்கேற்பத் திருத்தி, மறுபடி எழுதுங்கள். முதல் முறை 195-ல் நின்றிருந்தால், இரண்டாவது ரிசர்வ் 180-ஐ ஒட்டி அமையும்.

கூடவே ஏதாவது ஒன்றை உண்மையிலேயே மாற்றுங்கள். விடுபட்ட துணைப் பொருள் ஒன்றைச் சேர்க்கலாம், ஓடும் வீடியோ இல்லாவிட்டால் எடுக்கலாம், அல்லது முதல் முறை ஏற்காமல் இருந்திருந்தால் ஏற்றித் தரும் செலவை இப்போது நீங்களே ஏற்கலாம். கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தால், நான்காவது படியின் கணக்கில் அந்தத் தொகையைச் சேர்க்க மறக்காதீர்கள்.